ஹெச்டிஆர் ஆன் பண்ணா படம் ஏன் வெளுத்துப் போகுது: கம்ப்யூட்டர்ல இருந்து டிவி, மானிட்டர் வரைக்கும் செட் பண்ற முழு வழி

போன மாசம் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தேன், புதுசா 55 இன்ச் 4கே டிவி வாங்கி லேப்டாப்பை ஹெச்டிஎம்ஐ வயர்ல மாட்டி வச்சிருந்தார். "மாப்ள, ஹெச்டிஆர் போட்டா படம் சூப்பரா இருக்கும்னு சொன்னாங்க, இங்க பாரு பால் ஊத்தின மாதிரி இருக்கு"ன்னு காட்டினார். உண்மையிலேயே அப்படித்தான் இருந்துச்சு, டெஸ்க்டாப்ல கறுப்பு எல்லாம் சாம்பல், சிவப்பு எல்லாம் செங்கல் கலர், டவுன்லோட் பண்ணி வச்சிருந்த 4கே படத்தைப் போட்டா மூடுபனிக்குள்ள ஆளுங்க நடக்குற மாதிரி. அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணி நேரம் உக்காந்து பாத்ததுல ஒரு காரணம் இல்ல, மூணு தனித்தனி காரணம் ஒண்ணு மேல ஒண்ணா உக்காந்திருந்துச்சு. நிறைய பேர் மாட்டிக்கிறது இங்கதான், ஒரு செட்டிங்கை மாத்திப் பாக்குறாங்க, கொஞ்சம்தான் சரியாகுது, உடனே அதை திரும்ப பழையபடி வச்சிட்டு அடுத்ததை மாத்துறாங்க, கடைசில எதுவும் சரியாகாம ஹெச்டிஆரே வேஸ்ட்னு ஆஃப் பண்ணிடுறாங்க. அதனால வரிசையா போகணும், ஒண்ணை முடிச்சிட்டுதான் அடுத்தது. நான் அன்னைக்குப் போன வரிசையையே இங்க எழுதுறேன், விண்டோஸ் 11 வச்சுத்தான் சொல்றேன், டிவியா மானிட்டரா எதுவா இருந்தாலும் வரிசை ஒண்ணுதான்.

முதல்ல வெளுப்பு எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்கோங்க

ஹெச்டிஆர்ங்கிறது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவுல இன்னும் பெரிய வித்தியாசத்தைக் காட்டுற வீடியோ முறை. சாதாரண வீடியோவுல, அதாவது எஸ்டிஆர்ல, நம்பர் எல்லாம் ஒப்பீட்டு நம்பர்தான். "முழு வெள்ளை"ன்னா உங்க ஸ்கிரீனால எவ்ளோ வெளிச்சம் குடுக்க முடியுமோ அவ்ளோ, நீங்க பிரைட்னஸை ஏத்தினா எல்லாம் சேர்ந்து ஏறும். ஹெச்டிஆர் 10ல, அதாவது ஹெச்டிஆர் வீடியோ பெரும்பாலும் வர்ற வடிவத்துல, அப்படி இல்ல. 2014ல எஸ்எம்பிடிஇங்கிற சினிமா, டிவி தொழில்நுட்ப அமைப்பு ஸ்டாண்டர்ட் ஆக்கின பிக்யூன்னு ஒரு வளைவு இருக்கு, அதுல ஒவ்வொரு நம்பருக்கும் கறாரா ஒரு வெளிச்ச அளவு உண்டு, அந்த வெளிச்சத்தை அளக்குற அலகுதான் நிட்ஸ், சைபர்ல இருந்து 10,000 நிட்ஸ் வரைக்கும். அவ்ளோ பெரிய அளவை உள்ள அடக்கணும்னா இருட்டான பகுதிக்கு நிறைய நம்பர் ஒதுக்கணும், ஏன்னா நம்ம கண்ணு இருட்டுல சின்ன வித்தியாசத்தைக் கூட கண்டுபிடிச்சிடும். அதனால 1 நிட் வெளிச்சமே மொத்த அளவுல 15 சதவீதத்துல வந்து நிக்கும், 203 நிட்ஸ், அதாவது ஒரு சாதாரண வெள்ளைக் காகிதத்துக்கு வைக்கிற வெளிச்சம், 58 சதவீதத்துல வரும்.

இப்ப அந்த நம்பரை டிவியோ பிளேயரோ "இது சாதாரண வீடியோ"ன்னு தப்பா எடுத்துக்கிட்டா என்ன ஆகும்னு பாருங்க. 300 நிட்ஸ் ஸ்கிரீன்னு வச்சுக்குவோம். காகிதத்தோட 58 சதவீதம், சாதாரண வீடியோ நம்பரை வெளிச்சமா மாத்துற வழக்கமான 2.2 காமா வளைவுல போனா முழு வெளிச்சத்துல 30 சதவீதம்தான் வரும், அதாவது 90 நிட்ஸ். இருட்டா இருக்க வேண்டிய அந்த 1 நிட் பகுதியோ 4.6 நிட்ஸா ஏறிடும். நிஜத்துல 200 மடங்கு வித்தியாசம் இருக்க வேண்டிய ரெண்டு இடத்துக்கு நடுவுல இப்ப 20 மடங்குதான். வெள்ளை கீழ இறங்கிடுச்சு, கறுப்பு மேல ஏறிடுச்சு, அதைத்தான் நாம வெளுத்துப் போச்சுன்னு சொல்றோம். கலரும் இதே கதைதான், ஹெச்டிஆர் வீடியோ பிடி.2020ங்கிற ரொம்ப அகலமான கலர் எல்லைக்குள்ள எழுதப்பட்டிருக்கும், அந்த நம்பரை பழைய குறுகின எல்லைக்குன்னு எடுத்துக்கிட்டா எல்லாக் கலரும் நடுவுல இருக்குற சாம்பலை நோக்கி சுருங்கிடும்.

ஆனா எல்லா வெளுப்பும் இதே வெளுப்பு இல்ல. மூணு விதமா வரும், பாத்தாலே ஓரளவு பிரிச்சிடலாம். படம் மட்டும் சாம்பலா, மூஞ்சியில ரத்த ஓட்டமே இல்லாத மாதிரி தெரிஞ்சா அது நான் இப்ப சொன்ன பிக்யூ குழப்பம். கலர் எல்லாம் ஓரளவு சரியாத்தான் இருக்கு ஆனா எங்க பாத்தாலும் கறுப்பு மட்டும் கறுப்பா இல்ல, வெள்ளையும் மங்கல்னா அது சிக்னல் ரேஞ்ச் பிரச்சனை. ஹெச்டிஆர் படம் நல்லா ஓடுது, டெஸ்க்டாப்பும் பிரவுசரும் மட்டும் சோகையா இருக்குன்னா அது விண்டோஸ் சாதாரண விஷயங்களை ஹெச்டிஆருக்குள்ள எப்படி கொண்டுபோய் வைக்குதுங்கிறது சம்பந்தமானது. மச்சான் வீட்ல மூணும் இருந்துச்சு.

படி 1: ஹெச்டிஆரை ஆஃப் பண்ணிட்டு ஆரம்பிங்க

இது தலைகீழா தோணும், ஆனா அடித்தளம் சரியில்லாம மேல கட்டக் கூடாது. `Settings > System > Display > HDR` போய் `Use HDR` ஆஃப். இப்ப பெயின்ட் திறந்து நாலு பெட்டி வரைங்க, முதல் பெட்டி சுத்தக் கறுப்பு 0,0,0, ரெண்டாவது 8,8,8, மூணாவது 16,16,16, நாலாவது 24,24,24. ரூம் லைட்டை அணைச்சிட்டு பாருங்க.

கம்ப்யூட்டர்ல இருந்து போற சிக்னல் ரெண்டு விதமா போகலாம். முழு ரேஞ்ச்னா கறுப்பு 0, வெள்ளை 255. லிமிடெட்னா கறுப்பு 16, வெள்ளை 235, இது டிவி உலகத்து பழைய வழக்கம். ரெண்டுமே சரிதான், அனுப்புறவரும் வாங்குறவரும் ஒரே பேச்சு பேசுற வரைக்கும். கம்ப்யூட்டர் லிமிடெட்ல அனுப்பி டிவி அதை முழு ரேஞ்ச்னு எடுத்துக்கிட்டா கறுப்புன்னு வந்த 16ஐ டிவி அடர் சாம்பல்னு போடும். கணக்கு போட்டுப் பாருங்க, 300 நிட்ஸ் ஸ்கிரீன்ல அந்த 16 கிட்டத்தட்ட 0.7 நிட் வெளிச்சம் கூடுதலா போடும். 1000க்கு 1 கான்ட்ராஸ்ட் இருக்குற ஐபிஎஸ் பேனல்ல கறுப்பே 0.3 நிட்தான், அது இப்ப 1 நிட் ஆகிடும். வெள்ளையும் 300ல இருந்து 250க்கு இறங்கிடும். ஆக நீங்க காசு குடுத்து வாங்கின 1000க்கு 1 கான்ட்ராஸ்ட், ஒரே ஒரு மெனு தப்பா இருக்குறதால 250க்கு 1 ஆகிடுச்சு.

பெயின்ட்ல எப்படி தெரியும்னா, நாலு பெட்டியும் சுலபமா தனித்தனியா தெரியுது, முதல் பெட்டியே கொஞ்சம் ஒளிருது, ஸ்கிரீன் ஆஃப் ஆகியிருக்குறப்ப இருக்குற கறுப்புக்கும் இதுக்கும் நல்ல வித்தியாசம் இருக்குன்னா லிமிடெட் அனுப்பி ஃபுல்லா வாங்குறீங்க, வெளுப்பு அங்கதான். மாறா முதல் மூணு பெட்டியும் ஒரே கறுப்பா கலந்து நாலாவதுதான் லேசா தெரியுதுன்னா எதிர்ப்பக்கம், ஃபுல்லா அனுப்பி லிமிடெட்னு வாங்குறீங்க. முதல் பெட்டி நல்ல கறுப்பு, ரெண்டாவது உத்துப் பாத்தா தெரியுது, மத்தது படிப்படியா ஏறுதுன்னா சரியா இருக்கு, அடுத்த படிக்குப் போங்க.

சரி பண்ண, என்விடியா கார்டுன்னா கன்ட்ரோல் பேனல்ல `Change resolution` பக்கம் கீழ `Use NVIDIA color settings` தேர்ந்தெடுத்து `Output color format` ஐ `RGB` ன்னும் `Output dynamic range` ஐ `Full` ன்னும் வைங்க. ஏஎம்டின்னா அவங்க சாஃப்ட்வேர்ல டிஸ்ப்ளே பகுதியில `Pixel Format` இருக்கும், அதுல `Full RGB` ன்னு முடியுறதை எடுங்க. அப்புறம் டிவி பக்கம், சாம்சங்ல `HDMI Black Level`, எல்ஜில `Black Level`, சோனில `HDMI video range` ன்னு இருக்கும். முதல்ல ஆட்டோல விட்டுப் பாருங்க, பெரும்பாலும் அதுலயே சரியாகிடும். ஆட்டோ இல்லன்னாலோ ஆட்டோ தப்பா எடுத்தாலோ இருக்குற ரெண்டு தேர்வையும் மாத்தி மாத்தி அந்த பெயின்ட் பெட்டியைப் பாருங்க, பேரு கம்பெனிக்கு கம்பெனி குழப்பமா இருக்கும், பேரை நம்பாதீங்க, பெட்டியை நம்புங்க. மச்சான் முன்னாடி ஒரு செட்டாப் பாக்ஸுக்காக இதை கையால மாத்தி வச்சிருக்கார், அதே ஹெச்டிஎம்ஐ போர்ட்ல லேப்டாப்பை மாட்டினதுல வந்த வினை. ஆட்டோக்கு மாத்தினதும் பாதி பால் அங்கயே வடிஞ்சிடுச்சு.

இதை ஹெச்டிஆர் ஆஃப்ல பாக்கச் சொல்றதுக்கு காரணம் இருக்கு. அதே தப்பு ஹெச்டிஆர்லயும் இருக்கும், ஆனா பிக்யூ வளைவுல அந்த 16 வெறும் 0.1 நிட் பக்கத்துலதான் வரும், எல்சிடி டிவியில அது கண்ணுக்கே சரியா மாட்டாது, ஆனா ஹைலைட் எல்லாம் சத்தமில்லாம மங்கிப் போயிருக்கும். எஸ்டிஆர்ல பாத்தாதான் திருடன் கையும் களவுமா சிக்குவான்.

படி 2: போர்ட்டும் வயரும்

டிவியில ஹெச்டிஎம்ஐ போர்ட் ஒவ்வொண்ணுக்கும் தனியா ஒரு அனுமதி குடுக்கணும், இல்லன்னா அந்த போர்ட் பழைய வேகத்துலயே ஓடும், விண்டோஸ்ல ஹெச்டிஆர் சுவிட்சே வராது. சாம்சங்ல இது `Input Signal Plus`, எல்ஜில `HDMI Deep Colour`, சோனில `HDMI signal format` உள்ள `Enhanced format`. நீங்க மாட்டியிருக்குற போர்ட்டுக்கு இது ஆன்ல இருக்கணும். மானிட்டர்னா பொத்தானை அமுக்கி அதோட சொந்த மெனுவுல `HDR` ஐ `Auto` ல வைங்க. சில மானிட்டர்ல ஹெச்டிஆர் எஃபெக்ட், ஹெச்டிஆர் எமுலேஷன்னு ஒண்ணு இருக்கும், அது சாதாரண படத்தை ஹெச்டிஆர் மாதிரி காட்டுறேன்னு கலரைக் கன்னாபின்னான்னு ஆக்குறது, அதைத் தொடாதீங்க.

வயரைப் பத்தி ஒண்ணு சொல்லணும், கடையில "இந்த வயர் போட்டா கலர் நல்லா வரும்"னு விப்பாங்க. ஹெச்டிஎம்ஐ டிஜிட்டல் சிக்னல், வயர் மோசமா இருந்தா படம் விட்டு விட்டு கறுப்பாகும், புள்ளி புள்ளியா மின்னும், சிக்னலே வராது, ஆனா வெளுத்துப் போகாது. வெளுப்புக்காக வயர் மாத்தாதீங்க. 4கே 60 ஹெர்ட்ஸ்க்கு 18 ஜிபிபிஎஸ் தாங்குற வயர் போதும், 4கே 120 ஹெர்ட்ஸ்க்கு மட்டும்தான் அல்ட்ரா ஹை ஸ்பீட்னு எழுதின 48 ஜிபிபிஎஸ் வயர் வேணும். ஹெச்டிஎம்ஐ 2.0 போர்ட்ல 4கே 60ல ஆர்ஜிபி 10 பிட் அடங்காது, 8 பிட்டுன்னு காட்டும், அதைப் பாத்து பயப்பட வேண்டாம், கிராஃபிக்ஸ் கார்டு டிதர் பண்ணி, அதாவது பக்கத்துப் புள்ளிகளை லேசா கலந்து இடைப்பட்ட கலர் மாதிரி காட்டி, அனுப்பும், வானத்துல கோடு விழுதான்னு நல்லா உத்துப் பாத்தாதான் வித்தியாசம் தெரியும், வெளுப்புக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

படி 3: இப்ப ஹெச்டிஆர் ஆன், டிவியோட ஹெச்டிஆர் பிக்சர் மோட் தனி

`Use HDR` ஆன் பண்ணுங்க. கீபோர்ட்ல `Win + Alt + B` அமுக்கினாலும் ஆன் ஆஃப் ஆகும், இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். ஆன் பண்ணதும் டிவி ஒரு நொடி கறுப்பாகி வரும், ஓரத்துல ஹெச்டிஆர்னு ஒரு பேட்ஜ் காட்டும். `Advanced display` பக்கத்துல கலர் ஸ்பேஸ் `High dynamic range (HDR)` ன்னு இருக்கான்னு பாருங்க. விண்டோஸ் ஹெச்டிஆர்னு சொல்லுது, டிவி பேட்ஜ் காட்டல, மெனுவுலயும் சாதாரண பிக்சர் மோட் பேருதான் இருக்குன்னா ரெண்டுக்கும் பேச்சு ஒத்துப்போகலன்னு அர்த்தம், படி 2க்குத் திரும்புங்க.

டிவி வச்சிருக்குற நிறைய பேருக்கு தெரியாதது, எஸ்டிஆருக்கு நீங்க பாத்துப் பாத்து வச்ச பிக்சர் செட்டிங் வேற, ஹெச்டிஆர் சிக்னல் வந்ததும் டிவி தனியா வச்சிருக்குற செட்டிங் வேற. ஹெச்டிஆர் சிக்னல் ஓடிட்டு இருக்குறப்பதான் மெனுவைத் திறந்து மாத்தணும். பேக்லைட் அல்லது ஓலெட் லைட் முழுசா 100, கான்ட்ராஸ்ட் அந்த மோட் குடுத்த அளவுலயே, லோக்கல் டிம்மிங், அதாவது பேக்லைட்டை இடம் இடமா அணைக்கிற வசதி, இருந்தா ஹை, எனர்ஜி சேவிங்கும் ஆம்பியன்ட் லைட் சென்சாரும் ஆஃப். எனர்ஜி சேவிங் ஆன்ல இருந்தா எஸ்டிஆர்ல பெருசா தெரியாது, ஹெச்டிஆர்ல படத்தோட உசிரே அதுலதான் போயிடும், ஏன்னா 600 நிட்ஸ் வேணும்னு சிக்னல் கேக்குறப்ப டிவி 250தான் தருவேன்னு நிக்கும்.

படி 4: காலிப்ரேட் பண்றது

மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல `Windows HDR Calibration` ன்னு இலவச ஆப் இருக்கு. உங்க ஸ்கிரீனோட உச்ச வெளிச்சம் எவ்ளோன்னு விண்டோஸ்க்கு சரியா சொல்றதுதான் இதோட வேலை, அது தெரியாட்டி கேம் எல்லாம் உங்க டிவி 2000 நிட்ஸ் தரும்னு நினைச்சு அனுப்பி, டிவி அதை அமுக்கி, மொத்தப் படமும் தட்டையாகும்.

ஆப் திறக்குறதுக்கு முன்னாடி டிவியில டோன் மேப்பிங்னு ஒரு செட்டிங் இருக்கும், டிவியால காட்ட முடியாத வெளிச்சத்தை தன் அளவுக்குள்ள அமுக்குறது அதோட வேலை, அதுல டிவி தானா எதையும் அமுக்காம விடுற ஹெச்ஜிஐஜி தேர்வு இருந்தா அதை எடுங்க, இல்லன்னா டைனமிக் டோன் மேப்பிங்கை ஆஃப் பண்ணுங்க. டைனமிக் ஆன்ல இருந்தா டிவி உங்ககிட்ட உண்மையைச் சொல்லாது, நீங்க ஸ்லைடரை 3000, 4000ன்னு நகர்த்திட்டே இருப்பீங்க, ஆப் காட்டுற சோதனைக் கட்டம் மறையவே மறையாது. ஹெச்ஜிஐஜில டிவியோட நிஜமான உச்சத்துல கட்டம் மறைஞ்சிடும். மச்சான் டிவியில 600ஐத் தாண்டினதும் மறைஞ்சுது. மூணு கட்டம் வரும், ரொம்ப இருட்டானது, சின்ன இடத்துல உச்ச வெளிச்சம், முழு ஸ்கிரீன்ல உச்ச வெளிச்சம், மூணுலயும் உள்ள இருக்குற உருவம் இப்பதான் மறைஞ்சுதுங்கிற இடத்துல நிறுத்துங்க. கடைசில கலர் சேச்சுரேஷன் ஸ்லைடர் கேக்கும், வெளுப்பா இருக்கேன்னு அதை ஏத்திடுவாங்க நிறைய பேர், தயவுசெஞ்சு தொடாம விடுங்க. வெளுப்புக்கு காரணம் வேற எங்கயோ இருக்குறப்ப இதை ஏத்தினா, அந்தக் காரணம் சரியானப்புறம் மூஞ்சி எல்லாம் ஆரஞ்சு ஆகிடும்.

படி 5: டெஸ்க்டாப் மட்டும் சோகையா இருக்குறது

எனக்கு அதிகமா வர்ற கேள்வி இதுதான். ஹெச்டிஆர் ஆன்ல இருக்குறப்ப உங்க பிரவுசர், ஃபோல்டர், வேர்ட் ஃபைல் எல்லாம் சாதாரண எஸ்டிஆர்தான், ஆனா ஸ்கிரீன் இப்ப நிட்ஸ் கணக்குல பேசுது. அப்ப வெள்ளைன்னா எத்தனை நிட்ஸ்? அதை முடிவு பண்றது `SDR content brightness` ங்கிற ஸ்லைடர், அதே ஹெச்டிஆர் பக்கத்துலதான் இருக்கும். வெளியில மாட்டின ஸ்கிரீனுக்கு அந்த ஸ்லைடர் 0ல 80 நிட்ஸ், 100ல 480 நிட்ஸ், ஆக ஒரு புள்ளிக்கு 4 நிட்ஸ். மச்சான் அதை 5ல வச்சிருந்தார், அதாவது 100 நிட்ஸ். முன்னாடி எஸ்டிஆர்ல விவிட் மோட்ல 300 நிட்ஸ் பக்கத்துல பாத்துப் பழகின கண்ணுக்கு 100 நிட்ஸ் சாம்பலாத்தான் தெரியும். 40க்கு ஏத்தினோம், 240 நிட்ஸ், ஹால்ல லைட் எரியுறப்ப அது சரியா இருந்துச்சு. இருட்டு ரூம்ல மானிட்டர் பக்கத்துல உக்காந்து வேலை பாக்குறவங்களுக்கு 10ல இருந்து 20க்குள்ள போதும். முன்னாடி என்ன வெளிச்சத்துல பாத்தீங்களோ அதுக்கு சமமா வைக்கிறதுதான் குறி.

ஸ்லைடரை சரி பண்ணப்புறமும் இருட்டான இடங்கள்ல ஒரு மெல்லிய வெளுப்பு மிச்சம் இருக்கும், அது உங்க கண்ணோட பிரமை இல்ல. ஹெச்டிஆர் மோட்ல விண்டோஸ் சாதாரண கலரை எஸ்ஆர்ஜிபி ஸ்டாண்டர்ட்ல எழுதியிருக்குற வளைவை வச்சு மாத்துது, அந்த வளைவு கறுப்புக்குப் பக்கத்துல ஒரு நேர்கோடு. ஆனா நம்ம மானிட்டர் டிவி எல்லாம் எஸ்டிஆர்ல நடக்குறது 2.2 காமா வளைவுல, நேர்கோடு கிடையாது. 10ங்கிற நம்பரை எடுத்துக்கிட்டா எஸ்ஆர்ஜிபி வளைவுல வர்ற வெளிச்சம் 2.2 வளைவுல வர்றதை விட கிட்டத்தட்ட நாலு மடங்கு. சுத்தக் கறுப்பு சுத்தக் கறுப்பாவே இருக்கும், அதுக்கு மேல இருக்குற நிழல் பகுதி மட்டும் தூக்கிக் குடுக்கும், யூடியூப்ல இருட்டான சீன் பாத்தா பளிச்சுன்னு தெரியும். இதுக்கு விண்டோஸ்ல பொத்தான் எதுவும் இல்ல. கலர் ப்ரொஃபைல் போட்டு வளைவை மாத்துறவங்க இருக்காங்க, ஆனா அந்த ப்ரொஃபைல் ஸ்கிரீனுக்குப் போற எல்லாத்தையும் சேர்த்து வளைக்கும், நிஜ ஹெச்டிஆர் படத்தோட நிழலையும் அமுக்கிடும், அதோட ஒரு குறிப்பிட்ட ஸ்லைடர் அளவுக்குத்தான் சரியா வரும். என் பழக்கம் சிம்பிள், வேலை பாக்குறப்ப ஹெச்டிஆர் ஆஃப், படமோ கேமோ போடுறப்ப `Win + Alt + B`, முடிஞ்சதும் திரும்ப அதே.

இன்னொரு விஷயம், கலர். இப்ப வர்ற பேனல் எல்லாம் அகலமான கலர் எல்லை உள்ளது, எஸ்டிஆர் மோட்ல அதுங்க சாதாரண சிவப்பை தன்னோட உச்ச சிவப்புக்கு இழுத்துக் காட்டும், நாமளும் வருஷக்கணக்கா அதைப் பாத்து அதுதான் சரின்னு பழகிட்டோம். ஹெச்டிஆர் மோட்ல விண்டோஸ் அந்த சிவப்பு எங்க இருக்கணுமோ அங்க வைக்கும். அது வெளுப்பு இல்ல, அதுதான் அந்த போட்டோவை எடுத்தவர் வச்ச கலர். ரெண்டு நாள் பாருங்க, கண்ணு பழகிடும்.

படி 6: படம் ஓட்டுற பிளேயர்

இவ்ளோ பண்ணியும் மச்சானோட 4கே படம் மட்டும் மூடுபனியாவே இருந்துச்சு. முதல்ல யூடியூப்ல ஒரு ஹெச்டிஆர் வீடியோ போட்டேன், குவாலிட்டி லிஸ்ட்ல ஹெச்டிஆர்னு பக்கத்துல வரணும், வீடியோ மேல ரைட் கிளிக் பண்ணி `Stats for nerds` பாத்தா `Color` வரியில `smpte2084 (PQ) / bt2020` ன்னு இருக்கணும். இருந்துச்சு, படமும் அருமையா இருந்துச்சு. அப்ப டிவி, வயர், விண்டோஸ் மூணும் சுத்தம், மிச்சம் பிளேயர்தான். அவர் வச்சிருந்தது ரொம்பப் பழைய வெர்ஷன், பிக்யூ நம்பரை அப்படியே சாதாரண வீடியோன்னு விண்டோஸ்க்கு நீட்டிடுது, நான் மேல போட்ட 20 மடங்கு கணக்கு அப்படியே இங்க நடக்குது. எம்பிவிங்கிற இலவச பிளேயரைப் போட்டுக் குடுத்தேன், `%APPDATA%\mpv\mpv.conf` ஃபைல்ல மூணே வரி:

```
vo=gpu-next
target-colorspace-hint=yes
hwdec=auto-safe
```

ரெண்டாவது வரிதான் முக்கியம், வீடியோ ஹெச்டிஆர்னு விண்டோஸ்கிட்ட சரியா சொல்லி அப்படியே அனுப்பும். ஹெச்டிஆர் ஆஃப்ல இருந்தாலும் எம்பிவி தானே டோன் மேப் பண்ணி எஸ்டிஆருக்குத் தகுந்த மாதிரி மாத்திடும், சாம்பலாகாது. படம் பச்சையும் ஊதாவுமா வந்தா அது வெளுப்பு கேஸ் இல்ல, டால்பி விஷன்ல ஒரு வகை ஃபைல், அதைப் புரிஞ்சுக்காத பிளேயர்ல அப்படித்தான் வரும்.

கம்ப்யூட்டர் இல்லாம ஸ்டிக், கேம் கன்சோல் வச்சிருக்கவங்களுக்கு

இங்க காரணம் பெரும்பாலும் ஒண்ணே ஒண்ணு, எல்லாத்தையும் ஹெச்டிஆரா மாத்தி அனுப்புற செட்டிங். சீரியலும் நியூஸும் எஸ்டிஆர்ல எடுத்தது, அதை ஸ்டிக் தானா ஹெச்டிஆர் பெட்டிக்குள்ள போட்டு அனுப்பினா மங்கலா வரும். ஃபயர் டிவி ஸ்டிக்ல `Dynamic Range Settings` ஐ `Always HDR` ல இருந்து `Adaptive` க்கு மாத்துங்க. ஆப்பிள் டிவியில `Match Content` உள்ள `Match Dynamic Range` ஆன். பிஎஸ்5ல ஹெச்டிஆர் `On When Supported`. எது எப்படி எடுக்கப்பட்டுச்சோ அப்படியே போகும்.

எந்த செட்டிங்காலயும் சரியாகாத வெளுப்பு

இதைச் சொல்லாம முடிச்சா உங்க நேரத்தை வீணாக்கினவன் ஆவேன். டிஸ்ப்ளேக்கான தரம் வகுக்குற வீசா அமைப்பு 2017 டிசம்பர்ல டிஸ்ப்ளே ஹெச்டிஆர்னு தரச்சான்று கொண்டு வந்தாங்க, அதுல கீழ் வகுப்பு 400. அந்த 400 ஸ்டிக்கர் ஒட்டின மானிட்டர் நிறைய ஐபிஎஸ் பேனல்தான், லோக்கல் டிம்மிங் பேருக்கு இருக்கும் இல்ல இருக்கவே இருக்காது. ஹெச்டிஆர் வந்ததும் பேக்லைட் மொத்தமும் உச்சத்துக்கு ஏறும். 1000க்கு 1 கான்ட்ராஸ்ட்ல 400 நிட்ஸ் பேக்லைட்னா கறுப்பு 0.4 நிட். அதே மானிட்டரை எஸ்டிஆர்ல 120 நிட்ஸ்ல வச்சுப் பாத்தப்ப கறுப்பு 0.12. ராத்திரி சீன்ல நிலா ஒண்ணுதான் வெளிச்சம், ஆனா அதுக்காக மொத்த வானமும் மூணு மடங்குக்கு மேல வெளுத்துத் தெரியும். மெனுவுல எங்க தேடினாலும் இதுக்கு மருந்து இல்ல, வெளிச்சத்தை இடம் இடமா அணைக்கத் தெரியாத பேக்லைட்டோட எல்லை அது.

சோதிக்கிறது சுலபம். முழு ஸ்கிரீன் கறுப்புப் படம் ஒண்ணு போட்டு நடுவுல ஒரு சின்ன வெள்ளைக் கட்டம் வைங்க, ஹெச்டிஆர் ஆன், ரூம் இருட்டு. கட்டத்துல இருந்து தூரமா இருக்குற மூலை கறுப்பா இருந்தா உங்க ஸ்கிரீன் இடம் பிரிச்சு அணைக்குது, ஓலெட்ல அந்த மூலை எங்க இருக்குன்னே தெரியாது. எல்லா மூலையும் ஒரே மாதிரி லேசா ஒளிர்ந்தா, அல்லது கட்டத்துக்கு நேரா மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு பட்டையா ஒளிர்ந்தா, அந்த ஸ்கிரீன்ல ஹெச்டிஆரை ஆஃப்லயே விட்டுட்டு எஸ்டிஆர்ல பாருங்க, பிளேயர் டோன் மேப் பண்ணித் தர்ற படம் அதுல ஹெச்டிஆரை விட நல்லாவே இருக்கும். விலை குறைஞ்ச டிவியில ஹெச்டிஆர் சப்போர்ட்னு எழுதியிருந்தாலும் அதுக்கு அர்த்தம் சிக்னலை வாங்கிப் புரிஞ்சுக்கும்கிறது மட்டும்தான், அந்த வெளிச்சத்தைக் காட்டும்னு இல்ல.

மச்சான் டிவியில அந்த மூலை ஓரளவுக்குக் கறுப்பாவே இருந்துச்சு, லோக்கல் டிம்மிங் கொஞ்சம் இருக்கு போல. அதனால ராத்திரிக்கு ஹெச்ஜிஐஜி, பகல்ல ஜன்னல் திறந்திருக்குறப்ப டைனமிக் டோன் மேப்பிங் ஆன்னு ரெண்டா சொல்லி வச்சிட்டு வந்தேன், ஏன்னா பிக்யூ இருட்டு ரூமை மனசுல வச்சுதான் நிட்ஸ் கணக்கு போடுது, மத்தியான வெயில்ல அதே படம் யாருக்குமே மங்கலாத்தான் தெரியும்.